ஃபிளைவீல் போதுமா என்பதை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: எங்களிடம் ஒரே சிலிண்டர் கொண்ட பழைய 6 குதிரைத்திறன் டீசல் என்ஜின் இருக்கிறது. நிமிடத்துக்கு 650 சுற்றில் ஓடும். பம்புக்குக் குறையில்லை. பெல்ட் போட்டு ஜெனரேட்டரை ஓட்டினால் குண்டு பல்பு துடிக்கிறது. ஃபிளைவீல் போதவில்லை என்கிறார் மெக்கானிக். உண்மையா?

முதலில் துடிப்பின் தாளத்தைப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரிகிறது. 650 சுற்றில் அது நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். பல்பும் அதே விரைவில் படபடத்தால் மெக்கானிக் சொல்வது சரி. இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை ஒளி ஏறி இறங்கினால் கோளாறு என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் இருக்கிறது. எவ்வளவு கனமான ஃபிளைவீல் சக்கரம் மாட்டினாலும் அது தீராது.

படபடப்புதான் என்று வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். 6 குதிரைத்திறன் என்றால் சுமார் 4,500 வாட். ஒரு சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, ஏறக்குறைய 830 ஜூல் வெளியே போகிறது. உராய்வுக்கு 270 ஜூல் சேர்த்தால் 1,100. இதை நான்கு ஸ்ட்ரோக்குக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 275 ஜூல் செலவு. வரவோ ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்தான். இந்த அளவு என்ஜினில், 1.4 லிட்டர் கொள்ளளவுக்கு, காற்றை அழுத்த மட்டும் 600 ஜூல் வரை வேண்டும். காற்றை இழுக்கவும் புகையைத் தள்ளவும் தலா 25 என்று வைக்கிறேன். ஆக பவர் ஸ்ட்ரோக் 1,750 ஜூல் தந்தால்தான் கணக்கு நேராகும்.

இப்போது மிச்சத்தை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள்:

```
பவர்        1750 - 275 = +1475   இருப்பு 1475
எக்ஸாஸ்ட்   -25 - 275  = -300    இருப்பு 1175
சக்ஷன்      -25 - 275  = -300    இருப்பு 875
கம்ப்ரஷன்   -600 - 275 = -875    இருப்பு 0
```

இருப்பின் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே நமக்கு வேண்டிய ΔE, அதாவது சக்கரம் வாங்கி வைத்துத் திருப்பித் தர வேண்டிய ஆற்றல்: 1,475 ஜூல். மாணவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும்போது வேகமும் உச்சத்தில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. முறுக்குவிசை தேவையைவிட அதிகமாக இருக்கும் வரை வேகம் ஏறிக்கொண்டே போகும். பவர் ஸ்ட்ரோக்கின் கடைசியில் அது தேவைக்குக் கீழே இறங்கும் இடத்தில்தான் வேகம் உச்சம். மிகக் குறைந்த வேகம், கம்ப்ரஷன் முடிந்து எரிபொருள் பற்றிக்கொள்ளும் தருணத்தில். வேறு வகை என்ஜின்களில் வளைகோடு பல முறை மேலும் கீழும் போகும். அங்கே பெரிய மேடு ஒன்றை மட்டும் எடுத்தால் விடை தப்பும். இதுபோல இருப்பைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

அடுத்தது சூத்திரம். சக்கரத்தின் ஆற்றல் ½Iω². I அதன் நிலைமத் திருப்புத்திறன், ω நொடிக்கு ரேடியன் கணக்கில் கோண வேகம். வேகத்தின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே அதன் வித்தியாசத்தை எழுதிச் சுருக்கினால் கிடைப்பது:

```
ΔE = I · ω² · Cs
Cs = (உச்ச வேகம் - தாழ்ந்த வேகம்) / சராசரி வேகம்
```

உங்கள் சக்கரங்களை நான் பார்த்ததில்லை. இரண்டு சக்கரம், ஒவ்வொன்றின் விளிம்பும் 60 கிலோ, விளிம்பின் நடுவரை ஆரம் 0.27 மீட்டர் என்று வைத்தால் I = 2 × 60 × 0.27² = 8.75 கி.கி.மீ². ஆரைகளையும் குடத்தையும் விட்டுவிட்டேன். ஆரத்தின் வர்க்கம் பெருக்குவதால் அவற்றின் பங்கு சொற்பம். 650 சுற்றுக்கு ω = 68. ஆகவே Cs = 1475 / (8.75 × 68²), அதாவது 3.6 சதவீதம். ஒவ்வொரு சுழற்சியிலும் வேகம் 638க்கும் 662க்கும் இடையே ஊசலாடுகிறது.

பம்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. குண்டு பல்பு அப்படி அல்ல: வேகத்தோடு மின்னழுத்தமும் ஏறி இறங்கும், மின்னழுத்தம் 1 சதவீதம் மாறினால் அதன் ஒளி சுமார் மூன்றரை சதவீதம் மாறும். அந்தத் தாளத்தில் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஊசலாட்டத்தை 1 சதவீதமாக்க I ஏறத்தாழ 32 வேண்டும். அதே எடையில் ஆரத்தை மட்டும் கூட்டினால் அது 0.52 மீட்டராகும், விளிம்பின் வேகம் நொடிக்கு 35 மீட்டரைத் தாண்டும். வார்ப்பிரும்புக்கு வழக்கமான எல்லை 30 மீட்டர். அதற்கு மேல் போனால் சக்கரம் வெடித்துச் சிதறும் ஆபத்து உண்டு, இதில் விளையாடாதீர்கள். என் யோசனை 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது. அதற்கு அதே ஆரத்தில் விளிம்பு ஒவ்வொன்றும் சுமார் 110 கிலோ ஆக வேண்டும். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சக்கரத்தை ஷாஃப்டோடு பிணைக்கும் சாவி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும்.

என்ஜினை மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ω வர்க்கமாக வருவதால் வேகம் பாதியானால், அதே ΔEக்கு ஊசலாட்டம் நான்கு மடங்கு.

ஏழெட்டு விளக்குக்காக மட்டும்தான் ஜெனரேட்டர் என்றால், சக்கரத்தைத் தொடாமல், அகன்ற மின்னழுத்த வரம்புள்ள டிரைவர் கொண்ட எல்.இ.டி. பல்புகளை மாட்டிப் பாருங்கள். மலிவான பல்புகளில் அந்த டிரைவர் இருக்காது, அவையும் துடிக்கும்.