நெற்றியும் ஏறி, உச்சியும் தெரிந்தால் எந்த ஸ்டேஜ்?

கேள்வி: வயது 26. நெற்றி ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு, உச்சிச் சுழியிலும் தலை தெரியுது. இது எந்த ஸ்டேஜ்? மாத்திரை போதுமா, டிரான்ஸ்பிளான்ட் பண்ணிடலாமா?

பதில்:

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஆண் வழுக்கையை 1 முதல் 7 வரை பிரிக்கும் நார்வுட் அளவுகோலில் ‘3 வெர்டெக்ஸ்’ போலத் தெரிகிறது. முதலில் மருந்து, டிரான்ஸ்பிளான்டுக்கு அவசரம் வேண்டாம். நான் 24 வயதில் அவசரப்பட்டவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்டேஜை நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். தலையை நனைத்து, முடியை முழுக்கப் பின்னால் வாரிக்கொண்டு புருவத்தை உயர்த்துங்கள். நெற்றியில் விழும் மேல் மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே முடி தொடங்கினால் அது வயதுக்கு வந்த ஆணின் இயல்பான நெற்றி, வழுக்கை இல்லை. அடுத்து, காதுத் துளைக்கு 2 செ.மீ. முன்னால் இருந்து நேராகத் தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஏறிய முக்கோணம் அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் ஸ்டேஜ் 2. கோட்டைத் தாண்டிவிட்டால் 3. வழுக்கை என்று கணக்கில் எடுப்பதே இங்கிருந்துதான். முன்பக்கம் 3-ஐத் தாண்டாமல் உச்சிச் சுழியிலும் வட்டமாகக் கொட்டியிருந்தால் 3 வெர்டெக்ஸ். 4-இல் இரண்டும் பெரிதாகி, நடுவில் அடர்த்தியான முடிப்பட்டை ஒன்று பிரித்து நிற்கும். 5-இல் அந்தப் பட்டை மெலியும், 6-இல் அது போய் முன்னும் பின்னும் ஒன்றாகிவிடும். 7 என்றால் காதுக்கு மேலும் பிடரியிலும் லாடம் போல ஒரு வளையம்தான் மிச்சம்.

காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கக் கொட்டினாலோ, காசு அளவில் வழவழவென்று திட்டு விழுந்தாலோ அது வேறு கதை. இந்த எண்கள் அதற்குப் பொருந்தாது.

இப்போது என் கதை. முன்பக்கம் மட்டும் 2,200 கிராஃப்ட், அதாவது பிடரியிலிருந்து வேரோடு எடுத்த சிறு முடிக்கொத்துகள், நட்டார்கள். மாத்திரை பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பிடரியிலிருந்து எடுத்த முடி வழுக்கையை உண்டாக்கும் டிஹெச்டி ஹார்மோனுக்குப் பெரும்பாலும் அசையாது, அதனால் நட்டது நின்றது. அதற்குப் பின்னால் இருந்த என் சொந்த முடி நிற்கவில்லை. 31 வயதில் நெற்றியில் ஒரு வரப்பு போல முடி, அதன் பின்னால் வெற்றிடம், உச்சியில் பெரிய வட்டம்.

இரண்டாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். என் பிடரியிலிருந்து ஆயுளுக்கும் எடுக்கக்கூடியது சுமார் 5,500 கிராஃப்ட், ஏற்கெனவே நட்டது போக கையிருப்பு 3,300. ஒரு சதுர செ.மீ.க்கு 35 கிராஃப்ட் என்று வைத்தால் நடுவில் இருந்த 40 சதுர செ.மீ.க்கு 1,400 வேண்டும். உச்சி வட்டம் 10 செ.மீ. குறுக்களவு, அதாவது ஏறக்குறைய 78 சதுர செ.மீ.; அதற்கு மட்டும் 2,700. மொத்தம் 4,100. கையில் அவ்வளவு இல்லை. அதே வட்டம் 5 செ.மீ. ஆக இருந்தபோது 700 போதும். குறுக்களவு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. இளம் வயதில் உச்சியில் நடுவதை நல்ல மருத்துவர்கள் தள்ளிப்போடுவது இதனால்தான். நட்ட இடத்தைச் சுற்றி வட்டம் விரிந்தால் நடுவில் தீவு போல முடி நிற்கும்.

நடுவை மட்டும் 1,500-இல் மூடினோம். உச்சிக்கு இன்றும் மருந்துதான்.

மருந்து என்றால் தினம் 1 மி.கி. ஃபினாஸ்டரைடு, கூடவே 5% மினாக்சிடில். முன்நெற்றியைவிட உச்சியில் இவை நன்றாக வேலை செய்யும், மெலிந்த முடி இன்னும் உயிரோடு இருக்கும்வரை. தலைத்தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் திரையில் என் உச்சியைப் பார்த்தேன்: ஒரு தடித்த முடி, பக்கத்திலேயே பூனைமுடி போல மூன்று. அந்த மெலிந்தவைதான் மீட்கக்கூடியவை. வழவழப்பாகிவிட்ட இடத்தை மருந்து நிரப்பாது. பிடரியிலும் இப்படித் தடிமன் கலந்து தெரிந்தால், எந்த ஸ்டேஜாக இருந்தாலும் டிரான்ஸ்பிளான்ட் சரிவராது.

மினாக்சிடில் போட்ட முதல் சில வாரம் அதிகமாகக் கொட்டும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுறவு ஆசையையும் விறைப்பையும் குறைக்கும், மனச்சோர்வும் வரலாம். அப்படித் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக் கூடாது.

ஒரே இடம், ஒரே வெளிச்சத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உச்சியைப் போட்டோ எடுங்கள். ஒரு வருடம் கழித்து வட்டம் அப்படியே நின்றிருந்தால், அப்போது முன்நெற்றிக்கு மட்டும் டிரான்ஸ்பிளான்ட் பேசலாம். 3-க்கு 1,500 முதல் 2,000 கிராஃப்ட் பெரும்பாலும் போதும். வட்டம் இன்னும் விரிந்துகொண்டே இருந்தால் பிடரியில் கை வைக்க விடாதீர்கள்.