9,000 பேர் பின்தொடரும் பக்கத்துக்கு என்ன விலை கேட்பது?

"எனது இன்ஸ்டாகிராம் பக்கத்தை 9,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஹப்புத்தளையில் ஒரு விடுதி, ஆளுக்கு ஒரு ரூபாய் என்று 9,000 ரூபாய்தான் தருவோம் என்கிறது. கூடுதலாகக் கேட்க வழி உண்டா?"

உண்டு. நான் பண்டாரவளையில் இருந்து பயணக் காணொளிகள் செய்கிறேன். சென்ற ஆண்டு எனக்கும் ஏறத்தாழ இதே விலைதான் சொல்லப்பட்டது. விடுதிக்காரர் விற்பது அறை என்பதால், வார இறுதியில் மலையேறி வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதே அவருக்குப் பொருட்டு என்று எண்ணி, பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன்.

முதலில், கடைசிப் பதினொரு காணொளிகளும் சென்றடைந்த கணக்குகளின் எண்ணிக்கையை வரிசைப்படுத்தி, நடுவில் நின்ற 6,200 என்பதைச் சொன்னேன். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலக் காணொளி 94,000 பேரைச் சென்றடைந்திருந்தாலும், அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டினர் என்பதால் அதை நான் பெருமையாக எடுத்துக்காட்டவில்லை. சராசரி எடுத்திருந்தால் அந்த ஒன்றே கணக்கை ஊதிக் காட்டியிருக்கும். மற்றவற்றைப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இலங்கையர், அவர்களிலும் கொழும்பே முதலிடம் என்பதை, படமாக அனுப்பாமல், கைபேசியிலேயே திறந்து காட்டினேன்; படத்தைத் திருத்திவிடலாம் என்பது முதலாளிமாருக்கும் தெரியும்.

ஆனால் விலையை உயர்த்தியது முந்தைய வேலையின் பலன்தான். வேறொரு விடுதிக்காகச் செய்த காணொளியில், வட்ஸ்அப்பில் "தேயிலை" என்று எழுதிக் கேட்பவர்களுக்குச் சிறு கழிவு உண்டு என்று சொல்லியிருந்தேன். மூன்று வாரங்களில் 31 பேர் கேட்டார்கள். அவர்களில் ஏழு குடும்பங்கள் வந்து, மொத்தம் 11 இரவுகள் தங்கின. இரவுக்கு 9,000 ரூபாய் வீதம் அந்த விடுதிக்கு 99,000 ரூபாய் கிடைத்தது. எனக்குத் தந்தது 10,000. அந்த உரிமையாளரிடம் இதை எழுதி வாங்கி வைத்திருந்தேன். (இந்தக் கணக்கை ஏப்ரலில் எடுத்திருந்தால் பயனில்லை, வசந்த காலத்தில் காணொளி இல்லாமலே அறைகள் நிறையும்.)

நான் பேசிக்கொண்டிருந்த புதிய விடுதிக்காரரிடம் 24,000 கேட்டேன். அவர் தயங்கவே, 15,000 நிலையான தொகை, அந்தச் சொல்லைக் கூறி வந்து தங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 என்று முடிந்தது. அறைப் பதிவுக்கு அல்லாமல் தங்கலுக்குப் பணம் என்றதால், இரத்தாகும் அறைப் பதிவுகளைப் பற்றிய அவருடைய அச்சம் தீர்ந்தது. ஆறு குடும்பங்கள் வந்ததால் 21,000 கிடைத்தது. உண்மையில் கூடுதலாக வந்திருப்பார்கள். நேரடியாகத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம் வரவேற்பில் இருந்த தம்பி அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆகவே எல்லா விசாரிப்பும் ஒரே வட்ஸ்அப் இலக்கத்துக்கு வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் முந்தைய பலன் எதுவும் இல்லையென்றால், நிலையான தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். தங்கலுக்கு மட்டும் பணம் என்பதற்கு இணங்க வேண்டாம். அறை மோசமாக இருந்தாலோ, மண்சரிவால் பாதை மூடப்பட்டாலோ நட்டம் முழுவதும் உங்கள் தலையில் விழும். காணொளியை அவர்கள் கட்டண விளம்பரமாக ஓட்ட விரும்பினால், அதற்கு மாதக் கணக்கில் தனி விலை கேளுங்கள். நான் 5,000 கேட்கிறேன்.