ஈர பனியன்

ஐயா, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து எட்டு மாதமாகிறது. தஞ்சோங் பகாரில் வேலை. வெளியே வேர்த்துக் கொட்டுகிறது, ஆபீசுக்குள் ஒன்பதரைக்கே விரல் விறைக்கிறது. தினமும் ஒரு தடி ஜாக்கெட்டைக் கையில் சுமந்து அலுத்துவிட்டது. மேசைக்கு அடியில் சின்ன ஹீட்டர் வைத்துக்கொள்ளலாமா? சுடிதாரை விட்டுவிட்டு பேண்ட், கோட் என்று மாறுவதுதான் வழியா? ரத்தசோகையாக இருக்குமோ என்றும் பயம். நீங்கள் ஏர்கான் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, செங்காங்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் சமையலறைத் தராசில் என் பனியனை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பழகிவிட்டது. காய்ந்த பனியன் 112 கிராம். அதைப் போட்டுக்கொண்டு புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரை, வேலைக்குப் போன காலத்து வேகத்தில் நடந்து, அப்படியே திரும்பி வந்து கழற்றி வைத்தேன். 153 கிராம். ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் முதுகில் ஏறியிருந்தது.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். ஹீட்டர் வேண்டாம். பல கட்டடங்களில் விட மாட்டார்கள். விட்டாலும், உங்கள் பக்கத்துத் தூணில் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார் இருந்தால், ஹீட்டர் சூடு பட்டு அது அறையே சூடாகிவிட்டதாக நினைத்துக் குளிர்காற்றை இன்னும் திறந்துவிடும். உங்கள் கால் சுடும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் விறைப்பார். ரத்தசோகையை ரத்தப் பரிசோதனை சொல்லும். அதை டாக்டரிடம் கேளுங்கள், ஏர்கான்காரனிடம் கேட்காதீர்கள். சுடிதார் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதில் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

ஒன்பதரைக்கு விறைக்கிறது என்கிறீர்கள். பதினொன்றரைக்கு எப்படி? சாப்பிட வெளியே போய் வந்தபின், இரண்டு மணிக்கு மறுபடி நடுங்குகிறதா? எழுத வேண்டியதை எழுதவில்லையே அம்மா. உள்ளே வந்த முதல் ஒரு மணி நேரம் நடுங்கி, பிறகு தானாகச் சரியாகிறது என்றால் அறையின் குளிர் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை நீங்களே உடம்பில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள்.

கணக்கு சுலபம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது, பழைய குண்டு பல்பு மாதிரி. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் சூடு வேண்டும். என் பனியனில் இருந்த நாற்பது கிராமும் ஒரு மணி நேரத்தில் காய்ந்தால், அந்த ஒரு மணி நேரமும் விநாடிக்கு விநாடி 27 வாட் போய்க்கொண்டிருக்கும். அதில் கொஞ்சம் அறைக்காற்றிலிருந்து வரும். ஆனால் பனியன் தோலோடு ஒட்டியிருப்பதால் பெரும்பகுதி உடம்பிலிருந்துதான். அதாவது பல்பின் கால்வாசி வெளிச்சத்தை ஒரு ஈரத் துணி தின்கிறது. ஏர்கான் அதற்குத் துணை போகிறது. நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிய, காற்றை 12, 13 டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் அறைக்குள் விடுகிறோம். ஈரம் பிழிந்த காற்று, அதுவும் வீசுகிற காற்று. துணி காயாமல் என்ன செய்யும்?

இதன் மேல் நீங்கள் ஜாக்கெட்டை மாட்டுகிறீர்கள். காற்று படாது, சரி. ஆனால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய சில்லிப்பு மதியம் வரை நீளும். சுமந்து வந்த பொருளே உங்களைச் சிக்கவைக்கிறது.

என் அப்பாவிடம் ஜாக்கெட் இருந்ததில்லை. செசில் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், முந்தின நாள் தமிழ் முரசில் சுற்றிய ஒரு திருப்பூர் பனியனும் ஒரு ஈரிழைத் துண்டும் இருக்கும். ஆபீஸ் எட்டரைக்கு என்றால் எட்டு மணிக்கே கீழே கோப்பிக் கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கோப்பி ஓ குடிப்பார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். “நேரே மேலே போய் மாத்திக்கலாமேப்பா” என்று கேட்டேன். “இன்னும் வேர்த்துக்கிட்டுத்தான் இருக்கு. இப்ப மாத்தினா அதுவும் நனைஞ்சுபோகும்” என்றார். நடை நின்ற பிறகும் பத்து, பதினைந்து நிமிடம் உடம்பு வேர்த்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தெரிந்ததல்ல. அப்புறம் கழிவறையில் சட்டையைக் கழற்றி, முதுகைத் துடைத்து, காய்ந்த பனியனைப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க அரைக்கைச் சட்டையில் வேலை செய்தார். வெளியே நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. கோட்டு போட்ட ஒருவர் கை கழுவிக்கொண்டே அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். வழிக்கு விளையாட்டுக்காரர்கள் போடும் ட்ரை-ஃபிட் டீஷர்ட். பாலியெஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் காயும். நாறும் என்பது அதன் குறை, தினமும் துவையுங்கள். காய்ந்த ஷிம்மியையும் குர்தாவையும் சுருட்டி எடுத்துப் போங்கள், இரண்டும் சேர்ந்து ஜாக்கெட்டில் பாதிகூட இருக்காது. பருத்தி ஷிம்மியோடு நடந்து வந்து அதோடே உட்காராதீர்கள். உடம்போடு ஒட்டிய பருத்தி நனைந்தால் கடைசியாகக் காய்வது அதுதான்.

உடை மாற்றிய பிறகும் கழுத்தும் ஒரு பக்கத் தோளும் மட்டும் சில்லிட்டால் அது நேரே காற்று அடிப்பது. டிஷ்யூவில் விரலகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து மானிட்டர் விளிம்பில் ஒட்டித் தொங்கவிடுங்கள். அது ஓயாமல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், எதிர்ப்பக்கத்துக் கூரையில் காற்று வரும் வாய் இருக்கும். அதன் தகட்டைத் திருப்பச் சொல்லிக் கட்டடப் பராமரிப்புக்கு எழுதுங்கள், பத்து நிமிட வேலை. “குளிர்கிறது” என்று மட்டும் எழுதினால் யாரும் வர மாட்டார்கள், நானே போயிருக்க மாட்டேன். எந்த மேசை, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

அவர்கள் வரும் வரைக்கும், வராவிட்டாலும், இரண்டேகால் மீட்டர் துப்பட்டா எதற்கு இருக்கிறது? அதை ஒரு தோளில் மடித்துப் பின் குத்தி அலங்காரமாக விட்டுவிட்டு, கோட்டு வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்! பின்னை எடுங்கள். இரண்டாக மடித்துப் பிடரியை மூடி, முன்னால் குறுக்கே கொண்டுவந்து செருகுங்கள். மடிப்புக்குள் நிற்கும் காற்றுதான் சூடு. சேலை கட்டுபவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்.

நாலு மணிக்குப் பாதமும் விரலும் மட்டும் விறைத்தால் அது வேறு கதை. அறையே குளிர், நீங்களும் எழுந்திருக்கவில்லை. மேசை இழுப்பறையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை போதும்.

அப்பா ஈர பனியனை எங்கே காயவைத்தார் என்று எங்களுக்கு வெகுநாள் தெரியாது. சாயங்காலம் காய்ந்தே வரும், ஆனால் முதுகில் சாம்பல் நிறத்தில் வரிவரியாக அழுக்குக் கோடு இருக்கும். “எந்தச் சுவரில் போய்த் தேய்த்தீர்கள்” என்று அம்மா துவைக்கும்போதெல்லாம் திட்டுவாள், அவர் சிரிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அறைக்காற்றைத் திரும்ப இழுக்கும் கிரில் ஒன்றைத் துணியால் துடைக்கச் சொன்னார்கள். துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தேன். அதே கோடுகள், அதே இடைவெளி.