நூறு சதவீதம் நிரம்பிய ப்ரொஃபைலில் என்ன கோளாறு?

"எங்கள் டேட்டிங் ஆப்பில் ப்ரொஃபைல் நிறைவு மீட்டர் இருக்கிறது. பலர் 60 சதவீதத்திலேயே நின்றுவிட்டதால் உயரம், குடிப்பழக்கம், சுயகுறிப்பு மூன்றையும் கட்டாயமாக்கினோம். இப்போது எல்லோருக்கும் 100 சதவீதம். ஆனால் மேட்ச் ஆனவர்கள் முன்பு போலப் பேசிக்கொள்வதில்லை. ஏன்?"

முதலில் உயரம் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு அளவிலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நிஜமான உயரங்கள் நடுவில் மேடாகி இருபுறமும் மெல்லச் சரியும். உங்கள் பட்டியல் திறக்கும்போதே 5 அடி 6 அங்குலத்தில் நிற்கிறது என்றால், அங்கே மட்டும் ஊசி போல ஒரு உச்சம் நிற்கும். அதில் பெரும்பாலானோர் உயரத்தைச் சொல்லவே இல்லை, 'அடுத்து' பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்.

சுயகுறிப்பிலும் இதேதான்: ஒற்றைப் புள்ளி, 'அப்புறம் சொல்றேன்', குறைந்தபட்ச எழுத்துக்காக அடித்த 'ம்ம்ம்ம்'. குடிப்பழக்கத்துக்கு ஒரு சோதனை உண்டு. புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு விடைகளின் வரிசையை மாற்றிக் காட்டுங்கள். எது முதலில் இருக்கிறதோ அதுவே கூடினால், பலர் படிக்கவே இல்லை.

காலியாக விட்டிருந்தால் 'தெரியாது' என்றாவது ஆப்புக்குத் தெரியும். இப்போது 5 அடி 11 அங்குலக்காரர் 5.6-இல் கிடக்கிறார், உயர ஃபில்டர் அவரை ஓசையில்லாமல் கழித்துவிடுகிறது. குடிக்காதவரைக் குடிப்பவர் என்று காட்டுகிறது. தவறான ஆட்களைச் சேர்த்துவைத்தால் பேச்சு எப்படி வரும்?

இன்னொன்று, அந்த 100 சதவீதம் கடைசிவரை வந்தவர்களின் கணக்கு. மாமா பையன் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து, குடிப்பழக்கக் கேள்வியிலேயே ஆப்பை மூடிய பெண் அதில் இல்லை. பதிவைத் தொடங்கியவர்களை வைத்து வகுத்துப் பாருங்கள்.

மீட்டரைக் குறை சொல்ல மாட்டேன்; கொஞ்சம் நிரம்பியிருப்பது தெரிந்தால் முடிக்கத் தோன்றும். நூன்ஸ், ட்ரேஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட கார் கழுவும் கடை ஆய்வில், 8 முத்திரை அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம். 10 முத்திரையில் 2 முன்பே குத்தித் தந்தபோது 34. இரண்டிலும் பாக்கி எட்டுதான். ஆனால் அங்கே அட்டை நிறைந்தால் இலவசக் கழுவல். உங்கள் மீட்டர் நிறைந்தால் என்ன கிடைக்கிறது?

கட்டாயம் என்றால் வயதுச் சரிபார்ப்புக்குப் பிறந்த தேதி, தன் பாலினம், யாரைத் தேடுகிறார், ஒரு படம், அவ்வளவுதான். உயரப் பட்டியல் காலியில் தொடங்கட்டும். 'சொல்ல விருப்பமில்லை' என்பதையும் மீட்டர் விடையாகவே எண்ணட்டும். ஒருவர் உயர ஃபில்டரை முதன்முறை தொடும்போது, 'உங்கள் உயரம்?' என்று கேளுங்கள். அந்த நேரத்தில் கேட்டால் காரணம் அவருக்கே புரியும். நினைவூட்டலை ஒருவர் மூடிவிட்டால், அதே கேள்வியோடு மறுநாள் போய் நிற்காதீர்கள்.

ஏற்கெனவே சேர்ந்த குப்பையில், தொடக்க அளவிலேயே நின்று பிறகு ஒருமுறையும் திருத்தப்படாத உயரங்களை மட்டும் காலியாக்குங்கள். நிஜமாகவே 5.6 உள்ள சிலரும் அதில் அடிபடுவார்கள்; அவர்கள் மறுபடி ஒரு தட்டு தட்டினால் போதும்.