ஒரே லேத், மூன்று தேய்மானக் கணக்கு

ஆண்டு இலக்கக் கூட்டல் முறையும் ஆண்டுத்தொகை முறையும் நேர்கோட்டு முறையிலிருந்து எப்படி வேறுபடும்?

தேய்மானம் என்பது சொத்தின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குச் செலவாகப் பிரிப்பது. அம்பத்தூர் பட்டறை ஒன்று 1,00,000 ரூபாய்க்கு லேத் வாங்குகிறது; 4 ஆண்டு உழைக்கும், கடைசியில் மதிப்பு பூஜ்யம் என்று வைப்போம். நேர்கோட்டில் எல்லா ஆண்டுக்கும் சமமாக 25,000.

இலக்கக் கூட்டலில் ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் மீதியிருக்கும் ஆண்டுகளைக் கூட்ட வேண்டும்: 4+3+2+1=10. முதல் ஆண்டு பத்தில் நாலு பங்கு, 40,000. அப்புறம் 30,000, 20,000, 10,000. போகப் போக ரிப்பேர் செலவு கூடும் இயந்திரத்துக்கு இதுதான் சரி.

ஆண்டுத்தொகை முறை, முடங்கிய பணத்தின் வட்டியையும் கணக்கில் எடுக்கும். 10% என்றால் ஆண்டுதோறும் 31,547 தேய்மானம். மீதி மதிப்புக்கான வட்டி எதிரே வரவு: முதல் ஆண்டு 10,000, கடைசியில் 2,868. நிகரச் சுமை 21,547, 23,702, 26,072, 28,679 என ஏறும். இஎம்ஐ போலத்தான்: தவணை மாறாது, உள்ளே வட்டி குறைந்து அசல் கூடும்.

தொகை சமமாக இருப்பதால் இதுவும் நேர்கோடுதான் என்று நினைப்பது தவறு; மொத்தம் எழுதும் 1,26,188-இல் 26,188 வட்டி வரவாகத் திரும்பிவிடுகிறது.