கடைக்கு 15 வீதம், கடலுக்கும் 15 வீதமா?

கேள்வி: சுன்னாகத்தில் அப்பா காலத்திலிருந்து கட்டடப் பொருள் கடை நடத்துகிறோம். எங்கள் மூலதனக் கிரயம், அதாவது கடையில் போட்ட பணம் ஆண்டுக்குக் குறைந்தது தேட வேண்டிய வருமானம், 15 வீதம் என்று கணக்காளர் போட்டுத் தந்தார். எந்த முதலீட்டையும் அதை வைத்துத்தான் பார்க்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் வேலணைப் பக்கம் கடலட்டைப் பண்ணை போடச் சொல்லி விடாமல் நிற்கிறார். 80 இலட்சம் போட்டால் 4 ஆண்டுக்கு, ஆண்டுதோறும் 40 இலட்சம் வரும் என்கிறார். வருகிற பணத்தை ஆண்டுக்கு 15 வீதத்தில் கழித்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால், போட்ட 80 போக 34 இலட்சம் மிச்சம் தெரிகிறது. கடை உறுதியை வைத்தால் வங்கியும் 12 வீதத்துக்குக் கடன் தரும். ஆனால் இரவில் நித்திரை வருவதில்லை. (கடைக்குப் பின்னால் உள்ள களஞ்சியத்தை 20 இலட்சத்தில் திருத்தி ஒரு கம்பனிக்கு வாடகைக்கு விடும் யோசனை 15 வீதத்தைத் தாண்டாததால் அதை விட்டுவிட்டேன்.) பண்ணை போடலாமா?

பதில்: மச்சானைவிட அந்த 15 வீதம்தான் உங்களுக்கு ஆபத்து. அதை எல்லாவற்றுக்கும் ஒரே முழக்கோலாகப் பிடிக்கிறீர்கள்.

அது எப்படி வந்தது என்று பாருங்கள். கடையில் நூற்றில் 40 பங்கு வங்கிப் பணம், 12 வீதம். மிச்சம் 60 பங்கு உங்கள் சொந்தப் பணம், அதற்குக் கணக்காளர் 17 வீதம் வைத்திருப்பார். 4.8 உடன் 10.2 சேர்ந்தால் 15. சிமெந்தும் கம்பியும் விற்கிற ஒரு கடையில் பணம் போடுபவர் எதிர்பார்ப்பது அது. கடலட்டைக்கு அதில் ஒரு சதமும் சம்பந்தமில்லை.

வங்கி 12 வீதத்துக்குத் தருவதும் பண்ணையை நம்பியல்ல, கடை உறுதியை நம்பி. கடலுக்கு உறுதி கிடையாது. நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபையான நெக்டாவின் அனுமதிப் பத்திரத்தையும் நாலு வலையையும் மட்டும் கொண்டு போய் 80 இலட்சம் கேட்டுப் பாருங்கள், முகாமையாளர் தேநீர் தந்து அனுப்பிவிடுவார். கடை பிணை நிற்பதால்தான் பண்ணைக்கு மலிவான பணம் கிடைக்கிறது. அந்த மலிவின் விலையைக் கடை கொடுக்கிறது, உங்கள் கணக்கில் அது தெரியவில்லை.

இப்போது கணக்கு. மச்சான் சொன்ன 40 இலட்சம் எல்லாம் நல்லபடி நடந்தால் வருகிற தொகை. கார்த்திகை, மார்கழியில் பெருமழை இறங்கினால் கரையோரக் கடலில் உப்புத்தன்மை குறையும், அட்டைக்கு அது ஆகாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் தண்ணீர் எப்படி நின்றது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வலை கிழியும், இரவில் களவு போகும். ஐந்து ஆண்டில் ஓர் ஆண்டு கையில் ஒன்றும் நிற்காது என்று வையுங்கள். அப்போது சராசரி வருமானம் 32 இலட்சம். 15 வீதத்திலேயே உங்கள் 34 இலட்ச மிச்சம் 11 ஆகிவிடும்.

இந்த இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். மழைக்கு 5 வீதம், களவுக்கு 5 வீதம் என்று கழிவு வீதத்தில் ஏற்றிக்கொண்டே போவார்கள். அது தவறு. மழையும் களவும் வருமானத்தைக் குறைக்கிறவை. 40ஐ 32 ஆக்கும்போதே அவற்றை எடுத்துவிட்டோம். மறுபடி வீதத்திலும் ஏற்றினால் ஒரே நட்டத்தை இரண்டு தரம் கழித்ததாகும். அனுமதி கிடைக்குமா என்ற சந்தேகமும் அப்படித்தான். அது முதலாம் ஆண்டிலேயே தெரிந்துவிடும். அதற்காக வீதத்தை உயர்த்தினால் நாலாம் ஆண்டு வருமானத்தையும் சேர்த்துத் தண்டிக்கிறீர்கள். அனுமதி கைக்கு வரும்வரை காசு போடாமல் இருந்தால் போதும்.

சரி, அப்போது வீதத்தை எதற்காக உயர்த்துவது? சராசரி 32 தான் என்றாலும் அது எவ்வளவு ஆடும், உங்கள் மற்ற வருமானம் விழுகிற நேரத்திலேயே அதுவும் விழுமா என்பதற்காக. கடலட்டையை வாங்குவது பெரும்பாலும் சீனா, ஹொங்கொங் சந்தைகள். அங்கே விலை சரிந்தால் இங்குள்ள எல்லாப் பண்ணைக்கும் ஒரே நாளில் அடி. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது கட்டடப் பொருள் கடைகள் தவித்தன, ஏற்றுமதி செய்தவர்களுக்கு டொலர் வந்தது. கடை விழும்போது பண்ணையும் கட்டாயம் விழும் என்றில்லை. அதனால் 35, 40 வீதம் என்று பயமுறுத்த மாட்டேன். சொந்தப் பணத்துக்குக் கடையிலேயே 17 கேட்கிறீர்கள். பிணையில்லாத, ஒரே பொருளை ஒரே சந்தைக்கு விற்கிற தொழிலுக்கு 24 வீதம் என் மதிப்பீடு.

24 வீதத்தில் 4 ஆண்டு 32 இலட்சத்தின் இன்றைய பெறுமதி ஏறக்குறைய 77 இலட்சம். போடுவது 80. மூன்று இலட்சம் குறைகிறது.

24 என்பதைக் கல்வெட்டு மாதிரி எடுக்காதீர்கள். எனக்கே அது 21 ஆகலாம், 28 ஆகலாம். வெட்டுப் புள்ளி எது என்பதைப் பாருங்கள். 80ஐ 32ஆல் வகுத்தால் 2.5. 4 ஆண்டுக் கணக்கில் அதற்கு ஏற்ற, அதாவது போட்டதும் வருவதும் சரிசமமாகிற வீதம் ஏறக்குறைய 22. ஆகவே கேள்வி சிறிதாகிவிட்டது. கடையைப் பிணை வைக்காமல், 22 வீதத்துக்கு இந்தப் பண்ணையில் யாராவது பணம் போடுவார்களா?

இதைக் கேட்க ஆள் இருக்கிறது. 20 இலட்சம் அனுப்பிக் கால் பங்கை எடுக்கச் சொல்லி மச்சானிடமே கேளுங்கள். ஆண்டுக்குச் சராசரி 8 இலட்சம் வரும், அதுதான் 22 வீதம். உங்கள் கடை உறுதி அவருக்குப் பொறுப்பு நிற்காது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் குருநகரிலோ பாசையூரிலோ கடலட்டை வாங்கி விற்கிற ஒருவரிடம் அதே கேள்வியைப் போடுங்கள். 20 இலட்சத்துக்கு அவர் மூன்றில் ஒரு பங்கு கேட்டால், அவர் எதிர்பார்ப்பது 40 வீதத்துக்குக் கிட்ட. கொஞ்சம் பேரம் இருக்கும்தான். ஆனாலும் தொழில் தெரிந்தவர் அவ்வளவு கேட்கிற இடத்தில் நீங்கள் 15க்குத் திருப்திப்படுவது எந்த ஊர் நியாயம்?

இனி, நீங்கள் அடைப்புக்குள் போட்டுத் தள்ளிவிட்ட களஞ்சியம். நீங்கள் பார்த்தது ஆண்டுக்கு 5.8 இலட்சம் வாடகை, 5 ஆண்டு எழுத்து ஒப்பந்தம் போன்றது என்றால், 15 வீதத்தில் இன்றைய பெறுமதி 19.4 இலட்சம். அரை இலட்சம் குறைவதால் கைவிட்டிருப்பீர்கள். ஆனால் முற்பணம் கட்டி ஒப்பந்தத்தில் இருக்கிற வாடகைக்காரருக்குச் சிமெந்து விலை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன. அந்த வருமானத்தின் ஆபத்து ஏறக்குறைய வங்கிக் கடனின் ஆபத்துத்தான். 12 வீதத்தில் கழியுங்கள். 20.9 இலட்சம் வரும், ஏறக்குறைய ஓர் இலட்சம் மிச்சம். ஒரே 15ஐப் பிடித்துக்கொண்டு, ஆபத்தான தொழிலை உள்ளே விட்டு, நல்ல வாடகைக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

கம்பனிக்காரர் இன்னும் கேட்கிறாரா என்று பாருங்கள். 5 ஆண்டுக்கு எழுத்தில் வாங்குங்கள், ஆண்டுக்கு ஆண்டு வாடகை ஏறும் என்ற வரியையும் சேருங்கள். நான் அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பண்ணைக்கு மச்சானின் 20 இலட்சம் வந்தால் மறுபடி எழுதுங்கள். அதுவரை கடை உறுதி உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.