சாவியை ஒப்படைப்பதற்கு முன்

அன்புள்ள அக்கா,

பாபநாசம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருக்கிறேன். பதவி உயர்வோடு பட்டுக்கோட்டைக்கு மாற்றல் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிவு உபசாரம். என் ஊழியர்களிடம் என்ன பேசுவது? வாயைத் திறந்தாலே அழுதுவிடுவேன் போலிருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வாழ்த்துகள். அழுகை வந்தால் வரட்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நானும் கிளைகளில் வேலை பார்த்தவள்தான். மேலாளருக்கு மாற்றல் என்றதும் ஊழியர்கள் மனதில் முதலில் ஓடுவது, 'அடுத்து வருபவர் எப்படியோ' என்பதே. நீங்கள் வாய்மொழியாகச் செய்து கொடுத்ததெல்லாம் உங்களோடு போய்விடுமோ என்ற பயம் அது. அதற்கு வழி செய்துவிட்டுப் பேசினால்தான் உங்கள் பேச்சு அவர்கள் காதில் ஏறும்.

உங்கள் காசாளர் கும்பகோணத்திலிருந்து வருகிறார், வீட்டில் கைக்குழந்தை என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்தைச் சரிபார்த்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியதும் பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று சொல்லியிருப்பீர்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவி, ரொக்கம், நகைப் பொட்டலம் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள். இந்த ஏற்பாடு மட்டும் அந்தப் பட்டியலில் இருக்காது. புதியவர் முதல் நாளே "ஏன் அதற்குள் கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்பார். அவர் மேலும் தப்பில்லை, அவருக்கு யார் சொன்னார்கள்?

அதனால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "என்னிடம் சொல்லி வைத்தது ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். உங்கள் கையெழுத்தில் முடிவதை, ஒரு விடுப்பு விண்ணப்பமோ மாற்றல் கோரிக்கைக்கான பரிந்துரையோ, இப்போதே முடித்துவிடுங்கள். மற்றதைப் புதியவருக்குத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். ஏற்பாட்டை எழுதினால் போதும். வீட்டு விஷயம், உடம்பு விஷயம் எதுவானாலும் அந்த ஊழியர் சம்மதித்தால் மட்டுமே காரணத்தைச் சேருங்கள். "எழுதி வைத்திருக்கிறேன், முடிவு புதியவர் கையில்" என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கூட்டத்தில் பேச்சைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். "எல்லோரும் நன்றாக ஒத்துழைத்தீர்கள்" என்றால் அது யார் மனதிலும் நிற்காது. ஆளுக்கு ஒரு வேலையைச் சொல்லுங்கள். நகை மதிப்பீட்டாளரை விட்டுவிடாதீர்கள். கமிஷனுக்கு வேலை செய்பவர் என்பதால் இந்த மாதிரிக் கூட்டங்களில் அவர் பெயரைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மேட்டூர் திறந்து குறுவைச் செலவுக்குச் சனம் நகையோடு வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொன்றையும் உரைத்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, அவசரப்படாமல் மதிப்புப் போடுபவர் அவர்தானே. அதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். பெருக்கித் துடைக்கும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

"எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணுங்கள்" என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். பழைய கோப்பில் சந்தேகம் என்றால் கேட்கட்டும். புதியவரைப் பற்றிய குறை உங்கள் காதுக்கு வர ஆரம்பித்தால் அவரால் அங்கே வேலை பார்க்க முடியாது, அவர்களுக்கும் அவரோடு ஒட்டாது.

பட்டுக்கோட்டையில் சேர்ந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா